24 கேரட், 22 கேரட்: ஒரு கிராம் விலைக்குள் எவ்வளவு தங்கம் இருக்கிறது?

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் மகளின் காதுகுத்துக்கு வந்த 8 கிராம் தங்கக் காசைக் கடைக்கு எடுத்துப் போனார். 24 கேரட், 999 முத்திரை போட்ட காசு. அதைக் கொடுத்து 8 கிராமில் ஒரு சங்கிலி வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கடையில், "எடைக்கு எடை சரியாப் போச்சும்மா, சேதாரமும் ஜிஎஸ்டியும் மட்டும் கொடுங்க" என்றார்கள். அக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. 8 கிராம் கொடுத்தால் 8 கிராம் கிடைக்கிறதே! நல்ல வேளை, பணம் எடுத்து வர வீட்டுக்கு வந்தவர் வழியில் என்னிடம் சொன்னார்.

என் அப்பா கோவையில் நகைப் பட்டறை வைத்திருந்தவர். சின்ன வயதில் பள்ளிக்கூடக் கணக்கைவிடப் பட்டறைக் கணக்கைத்தான் நான் முதலில் கற்றேன். அந்தக் கணக்கில் எடைக்கு எடை என்பது எப்போதும் பாதி வாக்கியம். எந்த மாற்றுக்கு எந்த மாற்று என்பது மறுபாதி. அக்காவின் காசுக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் அந்தக் கணக்கை நீங்களே போடும்படி படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

தங்கம் விலை தினமும் மாறுவதால், கணக்கு எளிதாக இருக்க 24 கேரட் கிராம் 12,000 ரூபாய், 22 கேரட் கிராம் 11,000 ரூபாய் என்று கட்டுரை முழுக்க வைத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு எண்களையும் சும்மா எடுக்கவில்லை. ஏன் 12-க்கு 11 என்பதுதான் முதல் பாடமே.

படி 1: கேரட் என்பது 24-இல் எத்தனை பங்கு

உலோகத்தை 24 பங்காகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு தங்கம் என்பதைச் சொல்வதே கேரட். 24 பங்கும் தங்கமானால் 24 கேரட். 22 பங்கு தங்கமும் 2 பங்கு செம்பு, வெள்ளி போன்றவையும் சேர்ந்தால் 22 கேரட். 22-ஐ 24-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 916.67 வரும். நகையில் 916 என்று பொறித்திருப்பது இதைத்தான். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள். அதே கணக்கில் 18 கேரட்டுக்கு 750 என்று முத்திரை வரும். 14 கேரட்டுக்குக் கணக்கில் 583 வந்தாலும் முத்திரை 585 என்றுதான் இருக்கும்.

பட்டறையில் இதையே நூற்றுக்கு எத்தனை என்று "டச்" கணக்கில் சொல்வார்கள். "இது 91.6 டச்", "பழசு, 88 டச்சுதான் வரும்" என்பது அன்றாடப் பேச்சு. அதற்கும் முந்தைய தமிழ் அளவு மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்றால் கலப்பே இல்லாத தங்கம். அந்தக் கணக்கில் இன்றைய 22 கேரட் ஒன்பதரை மாற்றுக்குச் சற்று மேலே நிற்கும்.

24 கேரட் என்று விற்கும் காசிலும் கட்டியிலும்கூட இரண்டு மூன்று தரம் உண்டு. 995, 999, 999.9 என்று முத்திரை வேறுபடும். 8 கிராம் காசில் 995-க்கும் 999-க்கும் உள்ள வித்தியாசம் 0.032 கிராம் தங்கம். நம் விலையில் அது ஏறக்குறைய 384 ரூபாய். ஒரு காசுக்கு இது சிறிய தொகை, ஆனால் 100 கிராம் கட்டி வாங்குபவருக்கு 4,800 ரூபாய். ஆகவே "24 கேரட்" என்ற சொல்லோடு நிற்காமல் முத்திரை எண்ணையும் படியுங்கள்.

படி 2: நகைக்கு ஏன் 22

சுத்தத் தங்கம் மிக மிருதுவானது. மெல்லிய 24 கேரட் வளையத்தை விரலால் வளைத்துவிடலாம். அதில் சங்கிலி செய்தால் கண்ணிகள் இழுபட்டு வாய் திறக்கும், கொக்கி விரியும், கல் பிடிக்கும் நகங்கள் தளர்ந்து கல் உதிரும். செம்பும் வெள்ளியும் சேர்த்தால் உலோகம் இறுகுகிறது. செம்பு கூடினால் நிறம் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். ஒரே 916 முத்திரை போட்ட இரண்டு நகைகள் நிறத்தில் வேறுபடுவது இதனால்தான். நிறம் பார்த்துத் தரம் சொல்ல முடியாது என்பதை மனத்தில் வையுங்கள்.

நம் ஊர் பவுனுக்கும் 22 கேரட்டுக்கும் பழைய உறவு உண்டு. பவுன், சவரன் என்ற இரண்டு பெயருமே பிரிட்டிஷ் தங்க நாணயத்திலிருந்து வந்தவை. அந்த சவரன் 22 கேரட் தங்கத்தில் அடித்தது. எடை 7.988 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.322 கிராம். 1918-இல் பம்பாயிலும் அது அடிக்கப்பட்டது. எடையை 8 கிராமாக முழுமையாக்கி நாம் இன்றும் பவுன் கணக்கில் பேசுகிறோம். ஆகவே "பவுன் என்ன விலை?" என்று தமிழ்நாட்டில் யாராவது கேட்டால், சொல்லாமலே அது 22 கேரட் 8 கிராம். நம் விலையில் 88,000. இலங்கையில் 24 கரட் பவுண், 22 கரட் பவுண் என்று இரண்டையும் தனித்தனியே சொல்வார்கள். அங்கே எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 3: விலை எப்படி இறங்குகிறது

இதைப் பட்டறையில் நடப்பதை வைத்தே சொல்கிறேன். அப்பா 100 கிராம் 24 கேரட் கட்டி வாங்கி வருவார். அதை 22 கேரட்டாக்க 9.09 கிராம் செம்பும் வெள்ளியும் சேர்த்து உருக்குவார். இப்போது மூசையில் இருப்பது 109.09 கிராம். தங்கம் அதே 100 கிராம்தான், கூடியது எடை மட்டும்.

கட்டிக்குக் கொடுத்த விலை 100 × 12,000 = 12 லட்சம். உருக்கியபின் உள்ள 109.09 கிராமை 11,000-ஆல் பெருக்குங்கள், அதே 12 லட்சம் வரும். சேர்த்த செம்புக்கும் வெள்ளிக்கும் விலையே போடுவதில்லை. விலை முழுவதும் உள்ளே இருக்கும் சுத்தத் தங்கத்துக்குத்தான். கேரட் இறங்கும்போது கிராம் விலை இறங்குவது இதனால்தான். ஒரு கிராமுக்குள் தங்கம் குறைந்துவிட்டது, அவ்வளவே. தங்கத்தின் விலை மலியவில்லை.

சூத்திரமாக எழுதினால் இப்படி:

```
22 கேரட் விலை = 24 கேரட் விலை × 22 ÷ 24
24 கேரட் விலை = 22 கேரட் விலை × 24 ÷ 22
எந்த கேரட்டுக்கும் = 24 கேரட் விலை × கேரட் ÷ 24
```

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. 24-இலிருந்து 22-க்கு இறங்க 8.33 சதவீதம் கழிக்க வேண்டும். 22-இலிருந்து 24-க்கு ஏற அதே 8.33-ஐக் கூட்டினால் தப்பு, 9.09 சதவீதம் கூட்ட வேண்டும். 11,000-உடன் 8.33 சதவீதம் கூட்டினால் 11,916 வரும். சரியான விலை 12,000. கிராமுக்கு 84 ரூபாய் வழுக்கிவிடும். உங்கள் 24 கேரட் காசை விற்கும்போது கடைக்காரர் 22 கேரட் விலையிலிருந்து மேலே ஏறிக் கணக்குப் போடுகிறார் என்றால் இந்த இடத்தைக் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் காலையில் செய்திகளில் வரும் விலைக்கு அடிப்படை 22 கேரட். பக்கத்தில் போடும் 24 கேரட் விலை பெரும்பாலும் அதை 12-ஆல் பெருக்கி 11-ஆல் வகுத்து வந்தது. இன்றைய நாளிதழை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், 1.09 வரும். கட்டித் தங்கம் விற்கும் மொத்த வியாபாரியின் விலை அதோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய விலை வேறு வழியில் வருகிறது. உலகச் சந்தையில் தங்கம் ஒரு டிராய் அவுன்சுக்கு, அதாவது 31.1035 கிராம் சுத்தத் தங்கத்துக்கு, டாலரில் பேசப்படுகிறது. அதை ரூபாயாக்கி, இறக்குமதி வரியைச் சேர்த்து, கிராமுக்கு இறக்குவார்கள்.

மும்பையில் உள்ள இந்திய புல்லியன் நகை வணிகர் சங்கம் 999, 995, 916, 750, 585 என்று தரவாரியாகத் தனித்தனி விலை வெளியிடுகிறது. அது ஜிஎஸ்டி சேராத விலை. ரிசர்வ் வங்கியின் தங்கப் பத்திரம் வைத்திருப்பவர்கள் முதிர்வுத் தொகைக்குப் பார்க்க வேண்டியது அந்தச் சங்கத்தின் 999 விலையை. நம் ஊர் 22 கேரட் விலையை வைத்துப் பெருக்கினால் குறைவாகத் தெரிந்து பதறுவீர்கள்.

படி 4: முத்திரையைப் படிப்பது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், 22 கேரட் என்று சொன்ன நகை உண்மையில் 22 கேரட்டாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். இப்போது ஹால்மார்க் நகையில் மூன்று குறிகள் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோண வடிவச் சின்னம், 22K916 போன்ற தரக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் HUID என்ற எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல், கட்டாய ஹால்மார்க் உள்ள இடங்களில் ஆறு இலக்க எண் இல்லாமல் நகை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கும், குந்தன், போல்கி, ஜடாவு வேலைப்பாடுகளுக்கும் விலக்கு உண்டு. உங்கள் வீட்டுப் பழைய நகையில் அந்த எண் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், அதை விற்கவும் மாற்றவும் தடை இல்லை.

கடையிலேயே லென்ஸ் கேளுங்கள், கொடுப்பார்கள். எண்ணைப் படித்து, போனில் BIS CARE செயலியில் Verify HUID பகுதியில் இட்டுப் பாருங்கள். எண் செல்லும் என்று வந்தவுடன் செயலியை மூடிவிடாதீர்கள். அங்கே என்ன நகை, என்ன தரம் என்றும் காட்டும். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்கிறது என்றால், வேறு ஏதோ நகையின் எண்ணை இதில் பொறித்திருக்கிறார்கள். தரம் 18 என்று வந்து பில்லில் 22 என்று இருந்தாலும் அதே கதைதான்.

"916 கேடிஎம்" என்று இன்னமும் சில ஊர்களில் சொல்கிறார்கள். கேடிஎம் என்பது தரக் குறி கிடையாது. நகையின் பாகங்களைப் பற்றவைக்க ஒரு காலத்தில் கேட்மியம் கலந்த பொடி பயன்படுத்தினார்கள். அதற்கு முன் பற்றவைப்புக்குச் செம்பு அதிகம் கலந்த பொடியைப் போட்டதால், 22 கேரட்டில் செய்த நகையைத் திரும்ப உருக்கினால் தரம் இறங்கியது. கேட்மியப் பொடி அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் அதன் புகை ஆசாரிகளின் நுரையீரலைத் தின்றது. அந்தப் பொடி போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் அதை விட்டுவிட்டு ஹால்மார்க் குறியைத் தேடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பிஐஎஸ் அங்கீகரித்த சோதனை மையத்தில் நீங்களே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கடைகளில் வைத்திருக்கும் கேரட் மீட்டர் எக்ஸ்-கதிரால் மேற்பரப்பை மட்டும் படிக்கிறது. நகை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் அது சொல்வது சரியாக இருக்கும். மேலே கனமான முலாம் இருந்தாலோ, பற்றவைத்த இடத்தில் வைத்துப் பார்த்தாலோ தவறாகச் சொல்லும். அதனால் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவான சோதனை நெருப்பில்தான். சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, ஈயத் தகட்டில் சுற்றி, ஈயத்தை உறிஞ்சும் சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவார்கள். செம்பும் ஈயமும் கிண்ணத்துக்குள் போய்விடும். மிஞ்சும் மணியில் தங்கமும் வெள்ளியும் இருக்கும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைந்துவிட, கடைசியில் நிற்பது தங்கம் மட்டும். தொடங்கிய எடையையும் மிஞ்சிய எடையையும் ஒப்பிட்டால் தரம் தெரிந்துவிடும்.

ஹால்மார்க் போட்ட நகையில் சொன்ன தரம் இல்லை என்று சோதனையில் தெரிந்தால், 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகளின்படி, குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குச் சேர வேண்டும். 10 கிராம் நகை 916-க்குப் பதில் 896 என்று வந்தால் குறைவது 0.2 கிராம் தங்கம், நம் விலையில் 2,400 ரூபாய். இழப்பீடு 4,800. பில் இல்லாமல் இதில் எதுவும் கேட்க முடியாது.

வளைகுடாவில் இருந்து வரும் நகை பற்றி ஒரு வார்த்தை. அங்கே 21 கேரட் பரவலாக விற்கிறது, முத்திரை 875. துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த வளையல் இங்கே 87.5 டச் காட்டினால் அவர் ஏமாந்தார் என்று பொருள் இல்லை. அவர் 21 கேரட் விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். நம் கணக்கில் அதன் கிராம் 10,500 ரூபாய். யாராவது 22 கேரட் விலை கொடுத்து வாங்கியிருந்தால்தான் வருத்தப்பட வேண்டும்.

படி 5: பில்லைப் பிரித்துப் பார்ப்பது

இரண்டு பவுன் சங்கிலி, அதாவது 16 கிராம் 22 கேரட், வாங்குகிறீர்கள் என்று வைப்போம். சேதாரம் 10 சதவீதம், செய்கூலி தனியாக இல்லை.

16 கிராமுக்கு 1,76,000. சேதாரம் 1.6 கிராம், அதற்கு 17,600. இரண்டும் சேர்ந்து 1,93,600. இதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 5,808. மொத்தம் 1,99,408 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் சில பத்து ரூபாய், அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது பில்லில் எழுதாத கணக்கைப் போடுவோம். அந்தச் சங்கிலிக்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 16 × 0.916 = 14.656 கிராம். கொடுத்த பணத்தை இதனால் வகுத்தால், சுத்தத் தங்கம் கிராமுக்கு ஏறக்குறைய 13,606 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். 24 கேரட் விலையோ 12,000.

அதே நாளில் 8 கிராம் 999 காசு ஒன்றை 2 சதவீதக் கூடுதல் விலையில் வாங்கினால், 96,000 + 1,920, அதன்மேல் ஜிஎஸ்டி சேர்த்து 1,00,858 ரூபாய் ஆகும். உள்ளே 7.992 கிராம் தங்கம். கிராமுக்கு 12,620. கடைப் பலகையில் 11,000 என்று குறைவாகத் தெரிந்த 22 கேரட், உள்ளே இருக்கும் தங்கத்தை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் கூடுதல். சேமிப்புக்காகவே வாங்குபவர் இந்த எண்ணைப் பார்க்காமல் நகை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கழுத்தில் போட வாங்குபவருக்கு அந்த ஆயிரம் ஆசாரியின் உழைப்புக்கான விலை, அது நியாயமான செலவுதான்.

கடைக்குக் கடை ஒப்பிடவும் இதே முறை உதவும். ஒரு கடையில் கிராம் 11,000, சேதாரம் 12 சதவீதம். எதிர்க்கடையில் கிராம் 10,900, சேதாரம் 14 சதவீதம். "கிராமுக்கு 100 ரூபாய் குறைவு" என்ற பலகை இரண்டாம் கடைக்கு இழுக்கும். ஆனால் முதல் கடையில் சேதாரத்தோடு கிராம் 12,320, இரண்டாம் கடையில் 12,426. விலை, சேதாரம் இரண்டையும் பெருக்கிய பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

படி 6: பழைய நகையை மாற்றும்போது

அதிகமாகப் பணம் போவது இங்கேதான். ஹால்மார்க் வருவதற்கு முன் செய்த 24 கிராம் வளையல் ஜோடி ஒன்று என்று வையுங்கள். கடைக்காரர் கையில் எடுத்துப் பார்த்து, "பழசு, பத்து பர்சன்ட் கழிவு" என்கிறார். 24-இல் 10 சதவீதம் கழித்து 21.6 கிராம், 22 கேரட் விலையில் 2,37,600 ரூபாய்.

சோதிக்காமல் சொல்லும் கழிவுக்குத் தலையாட்டாதீர்கள். உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால். உருக்கும் முன் எடை, உருக்கிய பின் எடை, அந்தக் கட்டியின் டச் ஆகிய மூன்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அரக்கும் அழுக்கும் போய் 23.4 கிராம் நின்றது, டச் 88 என்று வந்தது என்றால்:

```
சுத்தத் தங்கம் = 23.4 × 0.88 = 20.592 கிராம்
மதிப்பு = 20.592 × 12,000 = 2,47,104 ரூபாய்
```

வாய்ச்சொல் கழிவைவிட 9,504 ரூபாய் அதிகம். இதன்மேல் கடைக்காரர் தன் பங்காக ஒன்றிரண்டு சதவீதம் கழிப்பார், அது வியாபாரம். அதைத் தனியாகச் சொல்லிக் கழிக்கட்டும், தரத்துக்குள் ஒளித்துக் கழிக்க வேண்டாம். ஒருவேளை டச் 80 என்று வந்தால் 10 சதவீதக் கழிவே உங்களுக்கு லாபமாக இருந்திருக்கும். அதனால் உருக்கும் முன் கேரட் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உருக்கிய பிறகு வளையலைத் திரும்பப் பெற முடியாது, கட்டிதான் கையில் வரும். கல் பதித்த நகையானால் கல்லைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகே எடை போட வேண்டும்.

அக்காவின் காசுக்கும் இதே கணக்குத்தான். 8 கிராம் 24 கேரட் தங்கத்தில் 22 கேரட் 8.7 கிராமுக்கு மேல் செய்யலாம். எடைக்கு எடை மாற்றினால் அந்த 0.7 கிராம் கடையிலேயே தங்கிவிடும்.

முதல் கடைக்காரர் சொன்னபடி காசின் மதிப்பு 8 × 11,000 = 88,000. 8 கிராம் சங்கிலி 10 சதவீதச் சேதாரத்தோடு 96,800, ஜிஎஸ்டி 2,904, மொத்தம் 99,704. அக்கா கையிலிருந்து 11,704 ரூபாய் போட வேண்டும்.

காசுக்கு 24 கேரட் விலையே போட்டால் 8 × 0.999 × 12,000 = 95,904. கடை லாபம் 2 சதவீதம் கழித்தாலும் 93,986. அதே சங்கிலிக்குக் கையிலிருந்து போட வேண்டியது 5,718 ரூபாய் மட்டும்.

நான் ஒரு தாளில் இதை எழுதிக் கொடுத்தேன். அக்கா அந்தத் தாளோடு அதே கடைக்குப் போய், "இந்தக் காசு 24 கேரட் தம்பி, 24 கேரட் விலை போடுங்க" என்றார். அவர்கள் முத்திரையை ஒருமுறை பார்த்தார்கள், மீட்டரில் வைத்தார்கள், மறுபேச்சு இல்லாமல் பில்லை மாற்றி எழுதினார்கள்.